புதுப்பிப்பு: திருச்சிக்கு நோ பே லீவு

நான் முன்னாடி கேட்டது: "அம்மாவைப் பார்த்துக்க மூணு வாரம் திருச்சி போகணும். எங்க கேஎல் ஆபீஸ்ல நோ பே லீவு கொடுப்பாங்களா?"

கொடுத்துட்டாங்க. "சட்டப்படி கொடுத்தே ஆகணும்"னு ஒரு அண்ணன் அடிச்சுச் சொன்னாரு. அப்படி இல்லை, முதலாளி மனசுதான். எச்ஆரில் இருக்கிற அக்கா பேச்சைக் கேட்டு, தேதி போட்ட ஒப்புதலை ஈமெயிலில் வாங்கிக்கிட்டேன். சொல்லாம கொள்ளாம தொடர்ந்து ரெண்டு வேலைநாளுக்கு மேல வராட்டி ஒப்பந்தத்தை மீறினதா எடுத்துக்கலாமாம்.

சம்பளக் கணக்குதான் இடிச்சது. மாசம் 3,100 வெள்ளி, ஜூலை 12 முதல் 31 வரை லீவு. 31ஆல வகுத்து, லீவுக்கு முந்தின 11 நாளுக்கு 1,100 வெள்ளிதான் கொடுத்தாங்க. நடுவுல வந்த சனி, ஞாயிறும் போச்சு! இபிஎஃப்பும் அந்த 1,100க்குத்தான்.



அம்மா எழுந்து நடக்க இன்னும் நாளானா நீட்டிப்பாங்களா? மேனேஜர் பிடி கொடுக்கலை.