புதுப்பிப்பு: மருந்து கூடிப்போய்க் கருகிய மிளகாய்ச் செடி, 24 நாளுக்குப் பிறகு

“வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தேன், மறுநாளே இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. செடி பிழைக்குமா?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

பிழைத்துவிட்டது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் போதும் என்ற இடத்தில் 20 மில்லி ஊற்றியிருந்தேன், அதுவும் நல்ல வெயிலில்.

பச்சைத் தண்ணீரால் இலையின் இரு பக்கமும் கழுவச் சொன்ன அக்காவுக்கு நன்றி. பாதி பச்சை இருந்த இலைகளையும் அவர் சொன்னபடியே விட்டுவைத்தேன். அவைதான் செடிக்குச் சோறு போட்டன. கருகிய இடம் மறுபடி பச்சை ஆகவில்லை, காகிதம் போல நொறுங்குகிறது. 11ஆம் நாள் இலைக்காம்பின் கக்கத்தில் கடுகளவு துளிர் வந்தது.

இலைகளை வெட்டி உரம் போடச் சொன்ன தம்பி, முழுக்கக் காய்ந்ததை எடுக்கலாம் என்பது சரி. ஆனால் துளிர் விரியும்வரை நான் உரம் போடவில்லை. வாடிய செடிக்கு அது சுமை.

ரோஜா இலை சுருளுவதாகக் கேட்டவருக்கு: நீங்கள் மருந்தே அடிக்கவில்லையே, அது வேறு காரணம். இலையின் அடியில் பேன் இருக்கிறதா பாருங்கள்.

என் செடியிலும் புது இலை இரண்டு கோணலாக வந்திருக்கிறது. அடியில் பூச்சி இல்லை. மொட்டிலேயே மருந்து பட்டதா என்று அடுத்த துளிரைப் பார்த்துச் சொல்கிறேன்.