ஸ்கூட்டரின் ஹாண்டில் லொக் இறுகுகிறது: ஆலோசனை தேவை

வணக்கம். உப்புவெளியில் கடற்காற்றுப்பட நிற்கும் எங்கள் ஸ்கூட்டரின் திறப்பு, ஹாண்டில் லொக்கிலிருந்து எளிதில் திரும்புவதில்லை. ஹாண்டிலை மெல்ல அசைத்து, பூட்டு ஊசியின் மீதுள்ள அழுத்தம் குறையும் கணத்தில் திருப்பினால் மட்டுமே விடுபடுகிறது. எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும் என்பதால் கிராஃபைட் தூள் இட்டோம். திறப்பு இலகுவாக நுழைந்தாலும், ஊசி முழுமையாகப் பின்வாங்குவதில்லை. ஓடும்போது அது வெளியே வந்து ஹாண்டிலைப் பூட்டிவிடுமோ என்ற அச்சத்தால் வண்டியை நிறுத்திவைத்துள்ளோம். இதே திறப்புச் சுவிட்சிலிருந்து கேபிள் மூலம் திறக்கும் சீற், கையால் கீழே அழுத்தியபடி திருப்பினால்தான் திறக்கிறது. கேபிள் தளர்ந்திருக்கலாம் என நினைக்கிறேன்.

ஒரே திறப்பில் இயங்கும் முழு லொக் செற்றையும் மாற்றுவதே நல்லதா? லொக்கைப் பிடித்திருக்கும், இறுக்கும்போது தலை முறியும்படி செய்யப்பட்ட போல்ட்டுகளை, வயர்களுக்குச் சேதமின்றித் துளையிட்டுக் கழற்றத் தெரிந்தவர் திருகோணமலையில் யார் எனத் தயவுசெய்து கூறுங்கள்.