குறும்படத்தின் ஒலியளவு: மொத்த எண்ணை எட்டுவதா, வசனத்தின் அளவை முதலில் நிலைநிறுத்துவதா?

வேலந்தாவளத்தான்:
14 நிமிடக் குறும்படம் ஒன்றை முடித்திருக்கிறேன். பத்து நிமிடம் வீட்டுக்குள் நடக்கும் தணிந்த பேச்சு, நான்கு நிமிடம் எங்கள் பகுதிக் கோயில் திருவிழாவான வேலாவின் செண்டை மேளம். யூடியூபில் ஏற்றிய பின் கைபேசியில் பேச்சு கேட்கவில்லை, மேளமோ காதைப் பிளக்கிறது. மொத்த அளவை -14 லஃப்ஸுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடுமா?

மாஸ்டர்அறை:
சரியாகிவிடும். யூடியூப் தன் பக்கத்தில் ஏறக்குறைய -14 லஃப்ஸை அளவாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் இருப்பதைக் குறைக்கும், கீழே இருப்பதை ஏற்றும். ஆகவே படம் முழுவதையும் அளந்து, அந்த எண்ணுக்குக் கொண்டுவந்து, கடைசியில் லிமிட்டரை -1 டெசிபலில் நிறுத்தினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு வசனமாக உட்கார்ந்து திருத்துவது பெரிய படங்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

கலவைமேசை:
குறைக்கும் என்பது உண்மை, ஏற்றும் என்பது உண்மையன்று. -14க்குக் கீழே இருக்கும் படத்தை யூடியூப் அப்படியே விட்டுவிடுகிறது. தம்பி, முதலில் பேச்சை மட்டும் ஒரு கோப்பாகவும், மேளக் காட்சியைத் தனியாகவும், முழுப் படத்தை இன்னொன்றாகவும் வெளியே எடுத்து, மூன்றையும் இப்படி அளந்து எண்களை இங்கே இடுங்கள்.

```
ffmpeg -i padam.wav -af ebur128=peak=true -f null -
```

வேலந்தாவளத்தான்:
அளந்துவிட்டேன் அண்ணா. பேச்சு ஏறத்தாழ -26, மேளம் -10, முழுப் படம் -10.4. யூடியூபில் Stats for nerds திறந்து பார்த்தால் content loudness 3.6dB என்று காட்டுகிறது. பத்து நிமிடப் பேச்சும் நான்கு நிமிட மேளமும் சேர்ந்த படத்தின் சராசரி எப்படி மேளத்தின் எண்ணுக்கே இவ்வளவு அருகில் வருகிறது என்பது எனக்குப் புரியவில்லை.

கலவைமேசை:
உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. இந்த அளவுமுறை ஒலியை 400 மில்லிசெக்கண்ட் துண்டுகளாக எடுத்து, முதலில் எல்லாவற்றின் ஆற்றலையும் சராசரி பார்க்கிறது. உங்கள் படத்தில் அது ஏறத்தாழ -15 வரும். பிறகு அந்தச் சராசரிக்குப் பத்து டெசிபல் கீழே ஒரு கோடு கிழித்து, அதற்கும் கீழே விழும் துண்டுகளை அமைதி என்று கருதி ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை மட்டும் மறுபடியும் சராசரி பார்க்கிறது. கோடு -25இல் விழுகிறது, உங்கள் பேச்சு -26இல் நிற்கிறது. ஆகவே சற்று உரக்கப் பேசிய சில வரிகளைத் தவிர வசனம் முழுவதும் கணக்கிலேயே சேரவில்லை. -10.4 என்பது கிட்டத்தட்ட மேளத்தின் அளவு மட்டுமே.

அந்த எண்ணை நம்பி யூடியூப் படம் முழுவதையும் 3.6 டெசிபல் இறக்கியபோது, பேச்சு -30க்குப் போய்விட்டது. நீங்களே -14க்கு இறக்கி ஏற்றினாலும் இதே விளைவுதான், ஏனென்றால் ஒரே குமிழைத் திருகினால் பேச்சும் மேளமும் சேர்ந்தே இறங்கும், இடையிலுள்ள 16 டெசிபல் அப்படியே இருக்கும்.

மாஸ்டர்அறை:
அப்படியானால் ffmpeg-இன் loudnorm வடிகட்டியை ஒரே ஓட்டத்தில் ஓட்டிவிடலாமே? தாழ்ந்ததை ஏற்றி, உயர்ந்ததை இறக்கி, தானாகவே சமப்படுத்தும்.

வேலந்தாவளத்தான்:
அதையும் செய்து பார்த்தேன். ஒருவர் பேசி முடித்து மற்றவர் தொடங்குவதற்குள் மின்விசிறியின் இரைச்சல் மெல்ல மேலெழுந்து, அடுத்த வரி வந்ததும் அடங்குகிறது.

கலவைமேசை:
ஒரே ஓட்டத்தில் அது நேரத்திற்கு நேரம் அளவை மாற்றிக்கொண்டே போகிறது. அதற்குப் பேச்சு எது, மின்விசிறி எது என்று தெரியாது. கையால் செய்வதே இங்கே நல்லது. கம்ப்ரஸருக்கு முன்னால், வசனத் தடத்தில் ஒவ்வொரு வரியின் கிளிப் கெயினையும் தனித்தனியாக உயர்த்தி, வரிகளுக்கு இடைப்பட்ட பகுதியை உயர்த்தாமல் விடுங்கள். வெட்டுத் தெரியாமலிருக்க, அதே அறையில் பேச்சில்லாமல் எடுத்த ஒலியை அடியில் ஓடவிடுங்கள். எல்லா வரிகளும் -18 அருகில் வந்த பிறகு, இரண்டு மூன்று டெசிபல் மட்டும் பிடிக்கும் மென்மையான கம்ப்ரஸர் போதும். இனி வசனத் தடத்தைத் தொடாதீர்கள். இசையையும் மேளத்தையும் அதற்கு ஏற்ப வையுங்கள்.

மேளத்தை -13க்கு இறக்கினால் முழுப் படம் ஏறத்தாழ -16 வரும். அதை -14க்குத் தள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை, -16இல் இருக்கும் படத்தை யூடியூப் தொடாது. உச்சம் மட்டும் ட்ரூ பீக் கணக்கில் -1ஐத் தாண்டக் கூடாது, ஏனென்றால் தளம் தன் பங்குக்கு ஒலியைச் சுருக்கும்போது முனைகள் கொஞ்சம் எழும்பும்.

கல்யாணப்படம்:
நான் கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ செய்கிறேன். பாட்டை மட்டும் போட்ட முன்னோட்டத்தை -9இல் கொடுத்தும், சத்தம் போதவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். இன்னும் ஏற்ற வேண்டுமா?

கலவைமேசை:
உங்களுடையது வேறு சிக்கல், அதில் வசனமே இல்லை. -9இல் கொடுத்தால் தளம் ஐந்து டெசிபல் இறக்கிவிடும், ஆனால் லிமிட்டர் தவிலின் முனைகளை மழுங்கடித்தது மழுங்கடித்தபடியே இருக்கும். -13 அல்லது -14இல் தவிலின் அடி கூர்மையாக விழும்படி ஒன்று செய்து, இரண்டையும் ஏற்றி அடுத்தடுத்துக் கேளுங்கள்.

நகரிவாசி:
வசனத்தின் அளவை முதலில் நிலைநிறுத்த வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் மேளம் வசனத்தைவிட ஐந்து டெசிபல் மட்டுமே மேலே இருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டின் அடக்கத்திலிருந்து வேலாவின் நெரிசலுக்குள் போகும் காட்சியில் அந்த ஏற்றம்தான் கதை. எட்டு ஒன்பது டெசிபல் இல்லாவிட்டால், செண்டை அடுத்த தெருவில் ஒலிப்பது போலிருக்கும்.

கலவைமேசை:
நகரி அண்ணா, அரங்கத்தில் என்றால் நீங்கள் சொல்வதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். இந்தப் படத்தை மக்கள் பேருந்தில் கைபேசியில் பார்ப்பார்கள். செண்டையின் தாழ்ந்த ஓசை அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது. கூடவே தட்டும் இலத்தாளத் தட்டுகளின் கூரிய ஓசை மட்டும் முழுதாக வரும். எட்டு டெசிபல் மேலே வைத்தால் பார்ப்பவர் அந்த இடத்தில் ஒலியைக் குறைப்பார், திரும்பவும் வீடு வரும்போது பேச்சைத் தவறவிடுவார்.

இடைவழி ஒன்று உண்டு. மேளத்தின் முதல் மூன்று நான்கு விநாடிகளை -10இலேயே விட்டு, அடுத்த பத்து விநாடிகளில் கவனத்துக்கு வராதபடி ஃபேடரை மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். நுழையும்போது பட்ட அதிர்வைக் காது வைத்துக்கொள்ளும். மேளத்துக்கு முன்பான வீட்டுக் காட்சியின் கடைசி வரியை ஒரு டெசிபல் தாழ்த்தினாலும் ஏற்றம் கூடியதாகத் தோன்றும்.

நகரிவாசி:
நுழைவை உயர்த்தி மெல்ல இறக்குவது நல்ல வழிதான். ஆனாலும் -13 எனக்குக் குறைவாகவே படுகிறது. இலத்தாளம்தான் தொந்தரவு என்றால், மேளம் முழுவதையும் இறக்குவதற்குப் பதிலாக, மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் ஈக்யூவில் கொஞ்சம் தணிக்கலாம். அளவுமானியும் அந்தப் பகுதிக்குக் கூடுதல் எடை கொடுப்பதால், எண்ணும் தானாகவே இறங்கும்.

வேலந்தாவளத்தான்:
பேச்சை -18இல் நிறுத்தி, இரண்டு விதமாகவும் மிக்ஸ் செய்து, பட்டியலில் வராத வீடியோக்களாக ஏற்றியிருக்கிறேன். முதலாவது -16.1, ஈக்யூவில் தணித்தது -15.2; இரண்டிலும் பேச்சு கைபேசியில் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் மேளத்துக்கு நடுவே தங்கை அண்ணனிடம் கத்திச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. இரண்டாவதில் அது இன்னும் மூழ்குகிறது.

கலவைமேசை:
அந்த ஒரு வரிக்காக மட்டும் மேளத்தை நான்கு டெசிபல் இறக்குங்கள். வரி தொடங்குவதற்கு அரை விநாடி முன்பே இறங்கத் தொடங்கி, முடிந்த பின் இரண்டு விநாடி எடுத்து ஏறட்டும். மலையாளத்தில் டப்பிங் செய்யும் எண்ணம் இருந்தால், வசனம், இசை, பின்னொலி மூன்றையும் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வசனத் தடத்திலேயே பதிவான கொலுசுச் சத்தமும் கதவுச் சத்தமும் தமிழ்ப் பேச்சோடு சேர்ந்து போய்விடும், அவற்றைப் பின்னொலித் தடத்துக்கு இப்போதே மாற்றுங்கள்.

நகரிவாசி:
என் வாக்கு இரண்டாவதற்கே. அந்த வரிக்கான இறக்கத்தைச் சேர்த்து மறுபடியும் ஏற்றுங்கள் தம்பி, இன்னொரு முறை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.