கூட்ட அறிக்கையில் பெயர், திகதி, சுருக்கம்: எப்படிச் சரிபார்ப்பது?

குளத்தடி (கிளிநொச்சி)
எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டம் 31.05.2025 சனிக்கிழமை நடந்தது. அறிக்கையை 04.06.2025 புதன்கிழமைதான் அடித்தேன். மூன்று தரம் வாசித்தும் தலைவரிடம் பிடிபட்டேன். மதகுக் கடிதத்தைக் கொடுக்கவேண்டியவர் செ. யோகராசா, நான் சி. யோகராசா என்று அடித்திருக்கிறேன். இரண்டு பேருமே எங்கள் உறுப்பினர்கள். கொடுக்கவேண்டிய திகதி 10.06.2025 என்று இருக்கிறது. அன்று பொசன் போயா, கந்தோர் பூட்டு. பி.ச., பி.செ. இரண்டும் வேறு கலந்து கிடக்கிறது. எப்படிப் பார்த்தால் இவை அகப்படும்?

வவுனியாக்காரன்
சுருக்கத்துக்கு Find and Replace போதுமே. பி.ச. எல்லாவற்றையும் பி.செ. ஆக்கிவிடுங்கோ.

பழைய எழுதுவினைஞர் (முல்லைத்தீவு)
தம்பி, அப்படிச் செய்யாதேங்கோ. பி.ச. பிரதேச சபை, பி.செ. பிரதேச செயலகம். உள்வீதி மதகுக் கடிதம் சபைக்குப் போகவேண்டியது, காணி அனுமதிப்பத்திரம் செயலகத்தின் வேலை. ஒரேயடியாக மாற்றினால் மதகுக் கடிதம் பிழையான கந்தோரில் கிடக்கும். ஒவ்வொன்றாகத் தேடி, அந்த வேலை யாருடையது என்று கேட்டு மாற்றுங்கோ. முதல்தரம் வரும் இடத்தில் முழுப்பெயரை எழுதினால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

வாசித்துக்கொண்டு போனால் பெயர்ப் பிழை கண்ணில் படாது, கதை சரியாகத்தானே இருக்கிறது. வரவுப் பதிவைப் பக்கத்தில் வைத்து, பெயர்களை மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து மேலே பாருங்கோ, முதலெழுத்தோடு.

திகதிக்கு ஒரு கேள்வி. உங்கள் கையெழுத்துக் குறிப்பில் என்ன இருக்கிறது?

குளத்தடி
“வாற செவ்வாய்” என்று.

பழைய எழுதுவினைஞர்
அதுதான். சனிக்கிழமை சொன்ன வாற செவ்வாய் 03.06.2025. நீங்கள் புதன் இருந்து எண்ணினபடியால் ஒரு கிழமை தள்ளிப்போய்விட்டது. கூட்டத்திலேயே திகதியைக் கேட்டு, கிழமையும் சேர்த்து எழுதுங்கோ.

மல்லாவி அக்கா
எனக்கு வேறு தொல்லை. சங்கத்தின் பழைய அறிக்கையில் ஒரு பெயரைத் தேடினேன், ஒன்றுமே வரவில்லை. பிழையில்லை என்று நினைத்து அனுப்பிவிட்டேன். பிறகு பார்த்தால் அது பாமினியில் அடித்தது! எழுத்துருவை Arial ஆக்கினதும் தமிழ் என்ற சொல் jkpo; என்று வந்தது. யூனிக்கோடில் தேடினால் அதில் எங்கே அகப்படும்?

வவுனியாக்காரன்
அக்கா சொல்வது சரி. யூனிக்கோட் என்றாலும் யோகராசா, யோகராஜா என்று இரண்டு விதமாக அடித்திருப்பார்கள். “யோகரா” வரைக்கும் தேடுங்கோ.

குளத்தடி
பெயரையும் சுருக்கத்தையும் திருத்திவிட்டேன். ஆனால் 03.06.2025 நான் அடிக்க முதலே போய்விட்டதே, கடிதமும் கொடுக்கவில்லை. 11ஆம் திகதி என்று போடட்டோ?

பழைய எழுதுவினைஞர்
வேண்டாம். கூட்டத்தில் சொன்னது 03 தான், அதுவே அறிக்கையில் நிற்கவேண்டும். தவறினதை அடுத்த கூட்டத்தில் எழுதுங்கோ.

வவுனியாக்காரன்
போன திகதியைப் போட்டால் செ. யோகராசா சண்டைக்கு வருவார். அவருக்குச் சொன்னதே ஆரும் இல்லையே.

குளத்தடி
அதுதான் எனக்கும் யோசனை. தலைவரைக் கேட்டுவிட்டு வருகிறேன்.