உசுல் என்பதற்குத் தமிழ்ச்சொல்: தீர்மானமா, முன்மொழிவா?

செயலாளர், சுங்கை சிப்புட்:
வணக்கம். போன ஞாயிறு எங்கள் சங்கத்தின் சிறப்புப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தது. "பொருளாளர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது" என்று மினிட்டில் எழுதியதும் கை நின்றுவிட்டது. யாரும் வாக்களிக்கும் முன்பே முடிவாகிவிட்டதுபோல் படிக்கிறது. மலாயில் வாக்கெடுப்புக்கு வைக்கப்படும் உசுல் வேறு, நிறைவேறி முடிவான கெத்தெத்தாப்பான் வேறு. நாம் இரண்டையும் தீர்மானம் என்கிறோம். உசுலுக்கு என்ன சொல்லலாம்?

ஈப்போ அண்ணன்:
இலங்கையில் நம்பிக்கையில்லாப் பிரேரணை என்பார்கள், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமே.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிரேரணை பொருத்தமான சொல்தான், ஆனால் நம் தோட்டத்துப் பெரியவர்கள் காதுக்குப் பழக்கமில்லை. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று எல்லா மினிட்டிலும் எழுதுகிறோமே, அவர் முன்மொழிந்தது முன்மொழிவு. நிறைவேறிய பிறகுதான் அது தீர்மானம். மூன்றில் இரண்டு எல்லாச் சங்கத்துக்கும் பொதுவல்ல அண்ணே, அவரவர் விதிமுறையில் உள்ளதே செல்லும். தம்பி, எத்தனை வாக்கு?

கோயில் செயலவை அக்கா:
எங்கள் தலைவரை நீக்கியபோது "முறைகேடு செய்தவர்" என்று மினிட்டில் எழுதி, பிறகு அதற்கே மன்னிப்புக் கேட்டோம். இவரை உடனே நீக்கிவிடுங்கள்.

செயலாளர்:
அக்கா, நீக்குவது பற்றிக் கேட்கவில்லை, சொல்தான் கேட்டேன். வந்தவர்கள் 46. ஆதரவு 23, எதிர்ப்பு 18, வாக்களிக்காதவர்கள் 5. தலைவர் நிறைவேறியது என்றார். எங்கள் விதியோ "வருகையாளரில் பாதிக்கு மேல்" என்கிறது.

ஆசிரியர்:
அப்படியானால் 24 வேண்டும், ஒன்று குறைகிறது. வாக்களித்த 41 பேரில் பாதிக்கு மேல் என்றிருந்தால் 21 போதும். அதனால்தான் வாக்களிக்காதவர்களையும் எண்ணி எழுத வேண்டும். ஆனால் முடிவை மினிட்டில் நீங்களாகத் திருத்தாதீர்கள். தலைவர் அறிவித்ததை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் விதி எண்ணைக் குறியுங்கள். ஆட்சேபத்தை அடுத்த கூட்டத்தில் எழுப்பலாம். அக்கா சொன்ன "முறைகேடு" போன்ற சொல் வேண்டாம், அறிவிப்புக் கடிதத்தில் இருந்த காரணத்தையே எழுதுங்கள். பொருளாளர் பதில் சொன்னாரா?

செயலாளர்:
பத்து நிமிடம் பேசினார். இப்படி எழுதியிருக்கிறேன்:

"மூன்று மாதக் கணக்கு செயலவைக்கு வைக்கப்படவில்லை என்ற காரணத்துடன், பொருளாளர் மீதான நம்பிக்கையின்மை முன்மொழிவு முன்வைக்கப்பட்டது. பற்றுச்சீட்டுகள் கணக்காய்வாளரிடம் இருந்ததாகப் பொருளாளர் பதிலளித்தார். இரகசிய வாக்கெடுப்பு: ஆதரவு 23, எதிர்ப்பு 18, வாக்களிக்காதோர் 5. முன்மொழிவு நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார்."

ஈப்போ அண்ணன்:
வாக்களிக்காதோர் என்பதற்கு "நடுநிலை" போடலாமே, பத்திரிகையில் அப்படித்தான் வருகிறது.

ஆசிரியர்:
அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாதே. ஆனால் வாக்களிக்காதோர் என்றால் அந்த நேரத்தில் வெளியே போனவரும் அதில் சேர்ந்துவிடுகிறார். தம்பி, அந்த ஐவரும் மண்டபத்துக்குள்தான் இருந்தார்களா?

செயலாளர்:
ஒருவர் பிள்ளையைக் கூட்டிவரப் போனார் ஐயா. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அவரை எதில் சேர்ப்பது?