மூன்று முறை அழித்தும் திரும்பி வந்த அக்காவின் பழைய எண்

நீலவண்டு
அக்கா எண்ணை மாற்றி ஒரு வருடம் ஆகிறது. பழையதை மூன்று முறை அழித்தேன், மூன்று முறையும் திரும்பி வந்துவிட்டது. போன மாதம் இரவு பதினோரு மணிக்கு ஏதோ அவசரம் என்று கூப்பிட்டேன். எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில், "இது உங்க அக்கா இல்லம்மா, போன தடவையே சொன்னேனே" என்றார். என் குரலே அவருக்குப் பழகிவிட்டது! போனில் 'அக்கா' என்று இரண்டு பெயர் இருந்ததால் இரண்டையும் இணைத்து, பழைய எண்ணை மட்டும் எடுத்திருந்தேன். இடையில் பழைய வேலைக்காலத்து மெயில் கணக்கு 'ஒத்திசைவுப் பிழை' என்று காட்டும்; அதை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பேன், சரியாகிவிடும். அது வேறு கதை. இந்த எண் மட்டும் எங்கிருந்து வருகிறது?

கம்பளிப்பூச்சி
எனக்கும் இதேதான். சிம்மில் இருந்த பெயர்கள் எல்லாம் இரண்டிரண்டாக வந்தன. சிம்மைக் கழற்றினேன், போய்விட்டன. நீங்களும் சிம்மைப் பாருங்கள்.

ஓட்டைப்பெட்டி
சிம் எல்லாம் அந்தக் காலம். செட்டிங்ஸில் Contacts Storage என்ற ஆப்பைத் தேடி அதன் டேட்டாவை அழித்துவிடுங்கள். எல்லாம் துடைக்கப்பட்டு சர்வரிலிருந்து புதிதாக இறங்கும். ஐந்து நிமிட வேலை. நான் செய்திருக்கிறேன்.

தாழ்வாரம்
ஓட்டைப்பெட்டி சொன்னதைச் செய்ய வேண்டாம். எந்தக் கணக்கிலும் சேராமல் போனிலேயே சேமித்த பெயர்களும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்கு சர்வரில் நகல் கிடையாது, போனால் போனதுதான். அப்படித்தான் எங்கள் வீட்டு வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எண்கள் எல்லாம் எனக்குப் போயின. அதைவிட, சர்வரில் பழைய எண் இருந்தால் அதுவும் சேர்ந்தேதான் இறங்கும்.

நீலவண்டு, 'அது வேறு கதை' என்றீர்களே, அதுதான் கதை. போனில் இணைத்தால் இரண்டு பதிவும் ஒரே அட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே அவை தனித்தனியாக, தத்தம் கணக்கில்தான் இருக்கின்றன. நீங்கள் எடுத்த எண் பழைய மெயில் கணக்குப் பதிவில் இருந்திருக்கும். எண்ணை அழித்துவிட்டீர்கள் என்ற செய்தி சர்வருக்குப் போக வேண்டும். அந்தக் கணக்கோ பிழையில் நிற்கிறது, அதனால் செய்தி போனிலேயே காத்திருக்கிறது. அப்புறம் கணக்கை நீக்கினீர்கள். காத்திருந்த செய்தியும் அதோடு போயிற்று. மறுபடி சேர்த்ததும் சர்வர் தன்னிடம் இருந்ததை முழுதாக இறக்கிவிட்டது.

முதலில் பழைய கணக்கை மட்டும் பிரவுசரில் திறந்து 'அக்கா' என்று தேடுங்கள். அங்கே இருந்தால் சந்தேகமே வேண்டாம், போனில் எத்தனை முறை அழித்தாலும் வரும். எதையும் தொடுவதற்கு முன் அந்தக் கணக்கின் தொடர்புகளை .vcf கோப்பாக இறக்கி வையுங்கள். அங்கே மட்டுமே இருக்கும் சில பெயர்கள் நிச்சயம் இருக்கும். வேண்டியவற்றை இப்போதைய கணக்கில் சேர்த்துவிட்டு, அக்காவின் பதிவை அங்கேயே, பிரவுசரிலேயே அழியுங்கள். பிறகு போனிலிருந்து கணக்கை நீக்குங்கள். தொடர்பு ஒத்திசைவை மட்டும் நிறுத்தினால் ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே இறங்கியவை அப்படியே கிடக்கும். ஐபோனில் நிறுத்தும்போது போனிலிருந்து அழிக்கவா என்று கேட்கும். இதெல்லாம் முடிந்த பிறகே இரட்டைகளை ஒன்றாக்குங்கள்.

மூன்றாம்படி
ஐபோன்காரர்களுக்கு ஒன்று. ஐகிளவுடில் தொடர்புகளை ஆன் செய்யும்போது போனில் இருப்பதோடு சேர்க்கவா என்று கேட்கும். 'சரி' போட்டேன், பாதிப் பெயர்கள் இரட்டையாயின. கேள்வியைப் படித்திருக்கலாம்.

ஓட்டைப்பெட்டி
தாழ்வாரம், எனக்கு ஒன்றும் போகவில்லையே. என் பெயர்கள் எல்லாம் கூகுளில் இருந்தன.

தாழ்வாரம்
அதனால்தான் போகவில்லை.

கம்பளிப்பூச்சி
கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எண்ணை எப்போதும் நாட்டுக் குறியீட்டோடு சேமியுங்கள். பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்: ஓரிடத்தில் 'அக்கா', இன்னோரிடத்தில் 'அக்கா வீடு' என்றிருந்தால், எண்ணும் வேறு வேறாக இருக்கும்போது எந்தக் கருவியும் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்காது. என் மாமா ஆறு பெயரில் இருக்கிறார். நானே உட்கார்ந்து கையால் சேர்த்தேன், ஒரு ஞாயிறு முழுக்க. பாதியில், இரண்டு வெவ்வேறு மாமாக்களை ஒன்றாக்கிவிட்டேன். நல்லவேளை, கூகுளில் 30 நாளுக்குள் மாற்றங்களைத் திரும்பப் பெறலாம்.

நீலவண்டு
தாழ்வாரம் அண்ணா, பிரவுசரில் பார்த்தேன். 'அக்கா' அங்கே பத்திரமாக இருந்தாள், பழைய எண்ணோடு. நீங்கள் சொன்னபடியே செய்தேன், பத்து நாளாக போனில் வரவில்லை.

ஆனால் நேற்று காரில் போகும்போது ஸ்டியரிங் பட்டனை அழுத்தி "அக்காவைக் கூப்பிடு" என்றேன். கார் தன் சொந்தப் பட்டியலில் எப்போதோ ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறது போல. மணி அடித்தது. எடுத்தவர், "சொல்லும்மா" என்றார்.