கலைச்சொல்: 'ரெஃபரன்ஸ் லெவல்' அடிமட்டமா, ஒப்புமட்டமா?

கயல்விழி:
வணக்கம். ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். டெசிபலை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ அந்த 'ரெஃபரன்ஸ் லெவல்' என்பதற்கு 'அடிமட்டம்' என்று வைத்திருக்கிறேன். ரிலேடிவ், அப்சல்யூட் இரண்டுக்கும் 'சார்பு', 'சார்பிலா' என்பவை சரியா?

இளங்கோ:
ஒலி காற்றில் எழுப்பும் அழுத்தத்துக்கு 'அடிமட்டம்' பொருந்தும். அங்கே சுழி 20 மைக்ரோபாஸ்கல். காதுக்கு எட்டும் மிகச்சிறிய ஒலி ஏறக்குறைய அதுதான். 20 பாஸ்கல் அதைப்போல் பத்து லட்சம் மடங்கு. அந்தப் பத்து லட்சத்தை 120 டெசிபல் என்று எழுத முடிகிறது, பெருக்கலும் கூட்டலாகிவிடுகிறது. ஆனால் உங்கள் மென்பொருள் காட்டும் dBFS-இல் சுழி உச்சியில் இருக்கிறது. அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். உச்சியை அடி என்று எழுதலாகாது. என் பரிந்துரை 'ஒப்புமட்டம்'. 'சார்பிலா' வேண்டவே வேண்டாம்; அந்த அளவும் ஓர் ஒப்புமட்டத்தைச் சார்ந்ததுதான்.

முருகேசன்:
ஐயா, நான் மண்டபத்தில் ஒலிபெருக்கி வைப்பவன். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அனுமதி என்கிறார்கள். என் மிக்சர் -12 காட்டுகிறது. அப்படியானால் நான் விதிக்குள்தானே இருக்கிறேன்?

இளங்கோ:
இல்லை, முருகேசன். 55 காற்றழுத்தத்தின் அந்த 20 மைக்ரோபாஸ்கலிலிருந்து எண்ணியது. -12 மிக்சரின் சொந்த ஒப்புமட்டத்திலிருந்து எண்ணியது. ஆம்ப்ளிஃபையரைத் திருகினால் மிக்சர் -12-இலேயே நிற்கும், வெளியே ஓசை மட்டும் ஏறும். விதிக்கு ஒலிமட்டமானியை வெளியே வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆனால் மிக்சரில் 6 டெசிபல் குறைத்தால், இடையில் லிமிட்டர் குறுக்கிடாதவரை, வெளியிலும் 6 குறையும். மாற்றத்துக்கு ஒப்புமட்டம் தேவையில்லை.

ரஃபீக்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், டெசிபல் என்றாலே விகிதம். கழித்தால் போதும். ஸ்டுடியோக் கருவியின் வழக்கமான மின்னழுத்த மட்டம் +4 dBu, வீட்டு பிளேயருடையது -10 dBV. வேறுபாடு 14 டெசிபல்.

இளங்கோ:
விகிதம் என்பது சரி, கழித்தது தவறு. dBu-வின் சுழி 0.775 வோல்ட், dBV-யின் சுழி 1 வோல்ட். ஒப்புமட்டங்களே 2.2 டெசிபல் விலகி நிற்கின்றன. -10 dBV என்பது -7.8 dBu, ஆக வேறுபாடு 11.8. வோல்ட்டில் பாருங்கள்: 1.23, 0.316. ஏறக்குறைய நான்கு மடங்கு. 14 டெசிபல் என்றால் ஐந்து மடங்கு வந்திருக்கும்.

கயல்விழி:
இப்போது விளங்குகிறது. 'ஒப்புமட்டம்' ஏற்கிறேன். மற்ற இரண்டையும் 'மாற்ற டெசிபல்', 'மட்ட டெசிபல்' என்று பிரிக்கலாமா?

ரஃபீக்:
கணக்கை ஏற்கிறேன். ஆனால் 'மட்ட டெசிபல்' என்றால் மட்டமான டெசிபல் என்றுதான் படிப்பார்கள். 'நிலை டெசிபல்' என்று வையுங்கள்.

இளங்கோ:
'நிலை' என்றால் மாறாமல் நிற்பது என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும். மீட்டரோ ஓயாமல் ஆடுகிறது. 'மாற்ற டெசிபல்' இருக்கட்டும். மற்றதற்கு இன்னொரு சொல் தேடுவோம்.